குளிர்காலத்தில் வீடு தேடி வரும் சிற்றுயிர்கள்

எலி என்றால் ஜெலாப்பாங்கில் யாரும் அலறிக்கொண்டு நாற்காலி மேல் ஏறுவதில்லை. தோட்டத்து லயன் வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு எலி புதிதல்ல. செம்பனைத் தோட்டங்களில் எலியைப் பிடிக்கவென்றே கூகைகளுக்குக் கம்பத்தில் கூடு கட்டி வைத்திருப்பதைப் பார்த்தவர்கள் நாம். அப்படியிருந்தும் போன குளிர்காலத்தில் கனடாவிலிருந்து என் அக்கா மகன் காணொளியில் அழைத்து, சமையலறைத் தொட்டியின் அடியில் கைப்பேசியைக் காட்டியபோது எங்களுக்குப் பிடிபடவில்லை. "கருஞ்சீரகம் கொட்டியிருக்குடா, துடைச்சிரு" என்றார் அக்கா. "நான் கருஞ்சீரகமே வாங்கல அம்மா" என்றான் அவன்.

அவன் இருப்பது டொரோண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில், தமிழர்கள் நிறைந்த இடத்தில், ஐந்தாம் மாடியில் ஓர் அடுக்குமாடி வீடு. சென்றது செப்டம்பரில். அக்டோபர் வரை வீட்டில் ஓர் எறும்புகூட இல்லை. வெளியே பனி கொட்டத் தொடங்கிய பிறகுதான் ஒவ்வொன்றாக வந்தன. முதலில் சன்னலோரம் ஆரஞ்சு நிற வண்டுகள், அடுத்து இந்தக் கருப்பு மணிகள், பிறகு குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் பழுப்பு நிறப் பூச்சிகள். "குளிரில் பூச்சியெல்லாம் செத்துப் போகும் என்றுதானே மாமா பள்ளியில் படித்தோம்?" என்று கேட்டான். வெளியே இருப்பவற்றுக்குப் பெரும்பாலும் அது பொருந்தும். அவன் வாழ்வது வெளியே இல்லையே.

உங்கள் பிள்ளைகளும் இந்த ஆண்டு குளிர் நாட்டுக்குப் படிக்கவோ வேலைக்கோ போகலாம். இந்த உயிர்கள் எதற்காக உள்ளே வருகின்றன, எதைக் கண்டு பதற வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதை அந்த ஒரு வீட்டை வைத்தே பார்ப்போம்.

டொரோண்டோவில் வாடகை வீட்டுக்கு உரிமையாளர் வெப்பம் தருகிறார் என்றால், குளிர்காலத்தில் வீட்டினுள் குறைந்தது 21 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது நகராட்சி விதி. பழைய கட்டடங்களில் கீழ்த்தளக் கொதிகலனில் சூடாகும் நீர் குழாய்கள் வழியாக ஒவ்வொரு மாடிக்கும் ஏறி, சன்னலுக்குக் கீழே இருக்கும் ரேடியேட்டரில் ஓடும். நம் ஊர் மனிதர் அந்தக் குமிழைத் திருப்பி 25, 26 வரை ஏற்றிக்கொள்வார். அக்கா மகனும் அதைத்தான் செய்தான். வெளியே கழித்தல் 10 பாகை இருக்கையில் சில நூறு சதுர அடியில் ஒரு சின்ன ஜெலாப்பாங்கை அவன் உருவாக்கி வைத்திருந்தான். ஆனால் அந்த ஜெலாப்பாங்கில் ஒரு குறை: ஈரம் இல்லை.

இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குளிர்ந்த காற்றால் அதிக நீராவியைத் தாங்க முடியாது. 0 பாகையில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 5 கிராம் அளவு நீராவியைத்தான் வைத்துக்கொள்ளும். அதே காற்று வீட்டுக்குள் வந்து 22 பாகைக்குச் சூடானால் 19 கிராம் வரை தாங்கக்கூடியதாகிவிடுகிறது. உள்ளே இருப்பதோ அதே 5 கிராம். அதாவது ஈரப்பதம் ஏறத்தாழ 25 விழுக்காடு. நம் ஊரில் 30 பாகை வெயிலில் 80 விழுக்காடு ஈரப்பதம் என்றால், ஒரு கன மீட்டர் காற்றில் 24 கிராம் நீராவி இருக்கும். உதடு வெடிப்பதும் தொட்டால் சுருக்கென்று மின்சாரம் அடிப்பதும் இந்த வறட்சியால்தான். சோறு வடிப்பதும் குளிப்பதும் ஈரத்தைக் கொஞ்சம் கூட்டும். ஆனாலும் வீடு முழுக்க வறண்டிருக்க, நாலைந்து இடங்களில் மட்டும் ஈரம் தங்கும்: தொட்டியின் அடி, குளியலறை மூலை, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம், நீர் முத்து முத்தாகப் படியும் சன்னல் சட்டம். பூச்சியைக் கண்டால் அது நின்ற இடத்தை முதலில் குறித்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

இப்போது அந்தக் கருப்பு மணிகளுக்கு வருவோம்.

அரிசியைப் போல நீண்டு, இரு முனையும் கூர்ந்து, 3 முதல் 6 மில்லிமீட்டர் நீளம் இருந்தால் அது சுண்டெலியின் எச்சம். பெரிய எலியின் எச்சம் இதைப் போல மூன்று மடங்கு நீளம் இருக்கும். கரப்பானுடையது அரைத்த மிளகுத் தூள் சிதறியதுபோல் தெரியும். அக்கா மகன் காட்டியது நடுத்தரமான கருஞ்சீரக அளவு. தொட்டியடியில் எண்ணினால் பன்னிரண்டு. ஒரு சுண்டெலி ஒரு நாளில் ஐம்பதுக்கு மேல் எச்சமிடும். அப்படியானால் பன்னிரண்டு என்பது வந்து போன தடம். கூடு அந்த இடத்தில் இல்லை.

சுண்டெலியின் எடை 20 கிராம் அளவுதான். உடல் சிறியதாக ஆக, எடையோடு ஒப்பிட்டால் அதன் மேற்பரப்பு அதிகமாகிறது. ஆகவே வெப்பம் வேகமாக வெளியேறும். குட்டி வாளியில் இருக்கும் சுடுநீர் அண்டாவில் இருப்பதைவிடச் சீக்கிரம் ஆறுவதுபோலத்தான். சுண்டெலி குளிர்காலத்தில் உறங்கிவிடும் விலங்கும் அல்ல. இரவெல்லாம் தின்றுதான் உடல் சூட்டைக் காக்க வேண்டும். கூடுதல் சக்தி செலவழிக்காமல் அது வசதியாக இருக்கக்கூடிய வெப்பநிலை என்ன தெரியுமா? ஏறத்தாழ 30 பாகை. நமக்குப் பழகிய அதே வெயில். ஆகவே சுடுநீர்க் குழாய் ஓடும் சுவரின் உட்பக்கம் அதற்குச் சொந்த ஊர் மாதிரி.

தண்ணீருக்கும் அது அலைவதில்லை. உணவில் இருக்கும் ஈரமே பெரும்பாலும் போதும். ஒரு நாள் தீனி 3 கிராம் அளவு. அதையும் ஒரே இடத்தில் உட்கார்ந்து தின்னாது. பத்து இருபது இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிக்கும். அடுப்புக்கு அடியில் சிந்திய பத்து அரிசியும் மாவுப் பையின் கிழிசலும் ஒரு குடும்பத்துக்குச் சாப்பாடு. பெண் சுண்டெலி மூன்று வாரத்தில் குட்டி போடும், ஒரு ஈற்றில் ஐந்தாறு. தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஐந்தாம் மாடிக்கு எப்படி ஏறியது? படிக்கட்டில் அல்ல. ரேடியேட்டர் குழாய் தரையைத் துளைத்து மேலே வரும் இடத்தில், கான்கிரீட்டுக்கும் குழாய்க்கும் இடையே வளையம் போல ஓர் இடைவெளி இருக்கும். அதை மறைக்கத் தகரத் தட்டு ஒன்று வைத்திருப்பார்கள். பல வீடுகளில் அது தளர்ந்து கிடக்கும். தொட்டியின் கழிவுநீர்க் குழாய் சுவருக்குள் நுழையும் துளையும் அப்படியே. 6 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் இளம் சுண்டெலி நுழைந்துவிடும். சாதாரண எழுதுகோல் ஏறக்குறைய அந்தத் தடிமன்தான். ஆகவே பரிசோதனைக்குப் பென்சிலும் கைவிளக்கும் போதும்: பென்சில் போகும் ஓட்டையெல்லாம் கதவு.

அக்கா மகன் முதலில் அந்தப் பன்னிரண்டையும் கூட்டி அள்ளப் போனான். நல்ல வேளை, துடைப்பம் எடுப்பதற்குள் தடுத்துவிட்டேன். உலர்ந்த எச்சத்தைக் கூட்டினாலோ தூசி உறிஞ்சியால் இழுத்தாலோ அது தூளாகி மூச்சில் போகும். வட அமெரிக்காவில் ஹண்டா வைரஸ் என்ற நுரையீரல் நோய் இப்படித்தான் பரவுகிறது. அதைச் சுமப்பது மான் எலி என்ற காட்டு இனம்: வயிறு வெள்ளை, கண் பெரிது, வால் மேலே கருமை கீழே வெண்மை. நகரத்து அடுக்குமாடிகளில் வருவது பெரும்பாலும் உடல் முழுதும் சாம்பல் நிறமான வீட்டுச் சுண்டெலிதான், அதற்கு அந்த வைரஸுடன் தொடர்பில்லை. ஆனால் அதுவும் சால்மொனெல்லா போன்ற கிருமிகளைப் பரப்பக்கூடியது. எது வந்து போனது என்று எச்சத்தைப் பார்த்துச் சொல்லவும் முடியாது. கையுறை போட்டுக்கொண்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து எச்சம் நனையத் தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, காகிதத் துண்டால் துடைத்துப் பையில் கட்டிப் போட வேண்டும்.

துடைத்த பிறகுதான் உண்மையான ஆய்வு தொடங்குகிறது. தொட்டியடியிலும் அடுப்பின் பக்கத்திலும் ரேடியேட்டர் ஓரத்திலும் கோதுமை மாவை மெல்லிசாகத் தூவி வைக்கச் சொன்னேன். காலையில் மாவில் குட்டிக் குட்டிக் கால் தடங்கள், வால் இழுத்த கோடு. தொட்டியடியிலும் அடுப்படியிலும் தடம் இருந்தது. ஆனால் மிக நெருக்கமாக இருந்தது ரேடியேட்டர் குழாயைச் சுற்றித்தான். எச்சத்தைக் கண்ட இடம் சாப்பாட்டு இடம், வாசல் வேறு இடம். இந்த ஒன்றைச் செய்யாமல் தொட்டியடியை மட்டும் அடைத்திருந்தால் மறு வாரமும் வந்திருக்கும்.

பொறி வைப்பதில் நம் தோட்டத்து அனுபவம் கொஞ்சம் ஏமாற்றும். பெரிய எலி புதுப் பொருளைக் கண்டால் நாள் கணக்கில் ஒதுங்கிப் போகும். அதனால்தான் நம் பெரியவர்கள் பொறியை இழுத்து வைக்காமல் சில நாள் தீனி மட்டும் வைத்துப் பழக்குவார்கள். சுண்டெலிக்கு அதெல்லாம் வேண்டாம். புதிதாக ஒன்றைக் கண்டால் அதுவே வந்து முகர்ந்து பார்க்கும். ஆனால் அது கூட்டைவிட்டு அதிக தூரம் போகாது, சில மீட்டர்தான். ஆகவே ஒரு பெரிய பொறியைவிட ஆறு சின்னப் பொறிகள் மேல். சுவரை ஒட்டி, இரை வைக்கும் முனை சுவரைப் பார்த்தபடி, இரண்டு மூன்று மீட்டருக்கு ஒன்றாக வைக்க வேண்டும். இரைக்குக் கருவாடு தேடி அலைய வேண்டாம். கடலை வெண்ணெய் ஒரு மிளகளவு போதும். அதிகம் வைத்தால் பொறி விழாமலேயே நக்கிவிட்டுப் போகும். பசைத் தட்டு வேண்டாம் என்பது என் கருத்து. அதில் ஒட்டிய உயிர் மணிக்கணக்கில் துடிக்கும், நீங்கள்தான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். விஷம் வைத்தால் சுவருக்குள்ளே செத்து, சூடான குழாயருகே அழுகும். அந்த நாற்றத்தோடு சன்னலைத் திறக்க முடியாத பிப்ரவரியைக் கழிப்பது எப்படி என்று யோசித்துப் பாருங்கள்.

ஐந்து இரவுகளில் மூன்று விழுந்தன. பிறகு நான்கு இரவு மாவில் தடமே இல்லை. அப்புறம்தான் ஓட்டையை அடைத்தான்: இடைவெளியில் எஃகு நாரை இறுக்கித் திணித்து, மேலே சூடு தாங்கும் சிலிக்கோன் பசை. நுரைப் பசையை மட்டும் அடித்தால் சுண்டெலி அதைக் கடித்துக் குடைந்துவிடும். ஈரம் படும் தொட்டிக் குழாயில் எஃகு நார் துருப்பிடிக்கும் என்பதால் அங்கே செப்பு வலை.

இனி சன்னலோரத்து ஆரஞ்சு வண்டு. முதலில் வந்து அதிகம் பயமுறுத்தியது இதுதான், ஆனால் இதைப் பற்றிச் சொல்லக் கொஞ்சமே இருக்கிறது. இது பொறி வண்டு இனம். தலைக்குப் பின்னே வெள்ளைப் பட்டையில் ஆங்கில எம் எழுத்தைப் போல ஒரு கரும் குறி இருந்தால் ஆசியப் பொறி வண்டு. செடிப்பேனைத் தின்னட்டும் என்று கிழக்காசியாவிலிருந்து வட அமெரிக்காவுக்கு மனிதர்களே கொண்டுபோய் விட்டதுதான். இலையுதிர் காலத்தில் வெயில்படும் சுவரில் கூட்டமாக அமர்ந்து, சன்னல் சட்டத்தின் இடுக்கில் புகுந்து உறங்கும். ரேடியேட்டர் சூடானதும் வசந்தம் வந்துவிட்டதென்று ஏமாந்து எழுகிறது. வீட்டுக்குள் அது முட்டையிடாது, உங்கள் உணவைத் தொடாது. நசுக்கினால் மட்டும் மஞ்சள் நிற நீர் விட்டு நாறும், திரையில் கறை பிடிக்கும். தூசி உறிஞ்சியால் எடுத்துவிடுங்கள், அவ்வளவுதான். மருந்தடிக்க ஒன்றுமில்லை.

பழுப்புப் பூச்சியின் கதை வேறு. அரை அங்குலத்துக்குச் சற்று மேல், வெளிர் பழுப்பு, தலைக்குப் பின்னே இரண்டு கரும் கோடுகள். நம் வீட்டுச் சாக்கடையிலிருந்து பறந்து வரும் பெரிய செங்கரப்பானைப் பார்த்துப் பழகியவர், இதைக் "கரப்பான் குட்டி" என்று நினைத்து அலட்சியமாக விட்டுவிடுவார். அக்கா மகனும் அப்படித்தான் இரண்டு வாரம் விட்டான். இறக்கை இருந்தால் அது குட்டியல்ல, முழு வளர்ச்சி அடைந்த ஜெர்மன் கரப்பான். நம் ஊர் உணவகச் சமையலறைகளிலும் இது உண்டு.

இதன் பெயரில் ஜெர்மனி இருந்தாலும் பூர்வீகம் நம் பக்கம். லின்னேயஸ் 1767இல் இதற்குப் பெயர் வைத்தபோது கையில் கிடைத்த மாதிரி ஐரோப்பாவுடையது. ஆனால் 2024இல் வெளியான ஆய்வு ஒன்று, 17 நாடுகளிலிருந்து திரட்டிய கரப்பான்களின் மரபணுவை ஒப்பிட்டு, ஏறத்தாழ 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியா அல்லது மியன்மார் பகுதியில் ஆசியக் கரப்பானிலிருந்து இது பிரிந்தது என்று கண்டது. அங்கிருந்து கப்பலேறி மேற்கே போய், உலகமெங்கும் பரவியது. கனடாவின் குளிரில் வெளியே ஒரு குளிர்காலத்தைக்கூட இதனால் தாண்ட முடியாது. சூடேற்றிய கட்டடம் இருப்பதால்தான் அங்கே இருக்கிறது. அந்த வகையில் அக்கா மகனும் அதுவும் ஒரே நிலை.

அது குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் நின்றதற்குக் காரணம் சுலபம். அங்கே அமுக்கி இயந்திரத்தின் சூடு இருக்கிறது, கீழே நீர் சொட்டும் தட்டு இருக்கிறது. வறண்ட வீட்டில் சூடும் ஈரமும் சேரும் இடம் அது. பெண் கரப்பான் முப்பது நாற்பது முட்டை கொண்ட உறையை வயிற்று முனையில் சுமந்துகொண்டே திரியும். பொரியும் நேரத்தில்தான் விடும். ஆகவே முட்டையைத் தேடி அழிக்க முடியாது. தெளிப்பான் மருந்தை அடித்தால் கண்ணில் படுபவை சாகும், மீதி சுவருக்குள் சிதறிப் பக்கத்து வீட்டுக்கும் போய், சில வாரத்தில் திரும்பி வரும். பல இடங்களில் அந்த மருந்துகளுக்கு எதிர்ப்புச் சக்தியும் வளர்ந்துவிட்டது. நன்றாக வேலை செய்வது பசைத் தீனி. பட்டாணியைவிடச் சிறிய துளிகளாக, அலமாரிக் கீல், பெட்டியின் பின்புறம், தொட்டிக் குழாயின் வளைவு போன்ற இடங்களில் பல துளி வைக்க வேண்டும். தின்றது தன் இருப்பிடத்தில் போய்ச் சாக, அதன் எச்சத்தையும் உடலையும் தின்னும் மற்றவையும் சாகும். அதே இடத்தில் தெளிப்பானையும் அடித்தால் தீனியை அவை தொடாது. இரண்டையும் சேர்த்துச் செய்வதுதான் பலரும் செய்யும் தவறு.

இதில் ஒரு வீட்டுக்காரரால் மட்டும் முடியாத பகுதியும் உண்டு. கரப்பானும் சுண்டெலியும் குழாய் வழியே மாடி விட்டு மாடி போகும். கீழ் வீட்டில் மருந்து வைக்காமல் மேல் வீட்டில் வைத்தால் வெறும் தள்ளிப்போடல். டொரோண்டோவில் மூன்று மாடிக்கும் பத்து வீட்டுக்கும் குறையாத வாடகைக் கட்டடங்களுக்கு ரென்ட்சேஃப் என்ற நகராட்சித் திட்டம் இருக்கிறது. பூச்சி, எலி பற்றிக் குடியிருப்பவர் தெரிவித்தால் உரிமையாளர் 72 மணி நேரத்துக்குள் வந்து பார்க்க வேண்டும். மருந்து வைப்பவர் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும். நடக்காவிட்டால் 311 என்ற எண்ணில் நகராட்சியிடம் சொல்லலாம்.

அக்கா மகன் ஒரு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. "நம்ம வீடு அழுக்குன்னு நினைச்சிருவாங்க மாமா, நம்ம சமையல் வாசனையைச் சொல்வாங்க" என்றான். எனக்குச் சங்கடமாக இருந்தது. மாவில் தெரிந்த தடம் குழாயிலிருந்து வந்தது, அவன் குழம்புச் சட்டியிலிருந்து அல்ல. கடைசியில் நாள், இடம், எண்ணிக்கை, படம் எல்லாவற்றையும் எழுத்தில் அனுப்பினான். ஆள் வந்து பார்த்தபோது, அதே குழாய் வரிசையில் மூன்றாம் நான்காம் மாடிகளிலும் இருந்தது தெரிந்தது. அங்கே இருந்தவர்களும் அதே வெட்கத்தில் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்கள்.

அவன் செய்த இன்னொரு தவறையும் சொல்லிவிடுகிறேன். வறட்சி தாங்காமல், ஈரமூட்டும் கருவியை இரவெல்லாம் ஓடவிட்டு, துணியையும் ரேடியேட்டர் மேலேயே உலர்த்தினான். சன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது, சட்டத்தின் மூலையில் கரும் பூஞ்சை பிடித்தது. ஜனவரியில் அங்கே ஒரு மில்லிமீட்டர் அளவு வெளிறிய பூச்சிகள் ஊர்ந்தன. பக்கத்து அலமாரியிலிருந்த அரிசிப் பையிலும் கண்டான். நூற்பேன் என்பார்கள், ஆனால் பேனல்ல, கடிக்காது. கண்ணுக்குத் தெரியாத பூஞ்சையைத் தின்று வாழ்வது. இதற்கு மருந்தே வேண்டாம். உடல் இவ்வளவு சிறியது என்பதால் காற்று வறண்டால் அதுவே உலர்ந்து செத்துவிடும். கருவியை நிறுத்தி, சமைக்கும்போது புகைபோக்கி விசிறியைப் போட்டு, நாளுக்கு இருமுறை ஐந்து நிமிடம் சன்னலைத் திறந்தான். ஈரப்பதம் 35 விழுக்காட்டில் நின்றது. மூன்று வாரத்தில் நூற்பேன் காணாமல் போனது. அரிசியை இறுக மூடும் டப்பாவுக்கு மாற்றினான். அது சுண்டெலிக்கும் பயன்பட்டது.

இந்த ஆண்டு போகிறவர்களுக்கு நான் சொல்வது: கட்டில் மேசை வருவதற்கு முன், வீடு காலியாக இருக்கும் முதல் நாளிலேயே பென்சிலும் விளக்குமாகக் குழாய் ஓட்டைகளைப் பாருங்கள். செப்டம்பரில் அடைத்தால் ஒரு மணி நேர வேலை. தெருவில் வைத்திருக்கும் பழைய மெத்தையை மட்டும் வீட்டுக்குள் எடுத்து வராதீர்கள். மூட்டைப்பூச்சி வருகிற வழிகளில் அது ஒன்று, அதை விரட்டுவது இவை எல்லாவற்றையும்விடக் கடினம். ஈரப்பதம் காட்டும் சிறு மானி ஒன்று வாங்கிச் சன்னலோரம் வையுங்கள். 30க்கும் 40க்கும் இடையில் முள் நின்றால் உங்கள் தொண்டையும் தாங்கும், சன்னலும் வழியாது.